அக்காவின் நெஞ்சில் தேங்கிய நீர்

நீர்க் குப்பி தனியாக வந்தால் நான் வாங்குவதில்லை. நெஞ்சிலிருந்து எடுத்த நீரோடு, அதே வேளையில் அதே ஆளின் கையிலிருந்து எடுத்த இரத்தமும் வரவேண்டும். இரண்டும் வந்தால்தான் கையெழுத்துப் போட்டு எடுப்பேன். போர் நின்றிருந்த சமாதான காலத்தில், கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைச் சட்டமாக்கிவிட்டேன். நோயாளர் விடுதி ஊழியர் ஒருவர் குப்பியோடு வந்து நின்று சொல்வார்:

"தண்ணியைச் சோதியுங்கோ எண்டு தந்தா இந்தப் பிள்ளை இரத்தம் கேக்குது. காளி கோயில்லயும் இப்பிடித்தான்."

"காளிக்கு ஆட்டு இரத்தம் காணும் அண்ணை. எனக்கு நோயாளியின்ர இரத்தம் வேணும்" என்பேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போய் எடுத்துவருவார்.

காரணம் இருந்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் தேங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், உறை நன்றாகவே இருக்கும். இருதயமோ ஈரலோ சிறுநீரகமோ பழுதாகி, அழுத்தம் கூடியோ இரத்தத்தில் புரதம் குறைந்தோ நீர் வெறுமனே வடிந்து சேரும். அது ட்ரான்சுடேற். மற்றது, உறையே நோயுற்று அழன்று, புரதத்தையும் சேர்த்துக் கசியவிடுவது. காசநோய், நிமோனியா, புற்றுநோய் எல்லாம் அந்த வழி. அது எக்சுடேற். கண்ணுக்கு இரண்டும் ஒரே வைக்கோல் நிறமாக இருக்கலாம். நீரில் உள்ள புரதம் இரத்தத்தில் உள்ளதின் பாதியைத் தாண்டினால் எக்சுடேற். எல்டிஎச் என்ற நொதியம் இரத்தத்தில் உள்ளதின் பத்தில் ஆறு பங்கைத் தாண்டினாலும் எக்சுடேற். நீரில் உள்ள அந்த நொதியம், இரத்தத்தில் இருக்கக்கூடிய இயல்பான உச்ச அளவின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலும் அதுவே. மூன்றில் ஒன்று பிடித்தாலே போதும். ஒன்றும் பிடிக்காவிட்டால்தான் ட்ரான்சுடேற். முன்பு அங்கே நீரின் புரதத்தை மட்டும் பார்த்து, மூன்றுக்கு மேலே என்றால் காசம் என்று எழுதிவிடுவார்களாம். நான் வந்த பிறகு அது நடக்கவில்லை.

இதையெல்லாம் நான் யாழ்ப்பாணத்தில் படித்தேன். அம்மாவும் அப்பாவும் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். முரசுமோட்டையில் மற்றவர்களின் வயலில் நாற்று நட்டு, பிறகு சொந்தமாக ஒரு துண்டுக் காணி பிடித்தார்கள். எங்கள் பரம்பரையில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த முதல் ஆள் நான்தான். வீட்டுக்குக் கடிதம் வந்தாலும், கச்சேரியில் அரசாங்க அலுவல் என்றாலும், யாருக்காவது காய்ச்சல் என்றாலும், "இரு, சின்னவ வரட்டும்" என்பார் அம்மா. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் முதுகு தானாக நிமிரும். மறைக்கவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

அக்கா பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். சின்ன வயதில் அவளுக்கு முழங்கால்கள் வீங்கி வீங்கிக் காய்ச்சல் வரும். நாங்கள் இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்த நாட்கள் அவை. எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவளைப் பிறகு யாரும் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அந்தக் காய்ச்சல் என்ன செய்யும் என்று நான் படித்திருந்தேன். ஆனால் படித்ததையும் அக்காவையும் ஒன்றாக வைத்து யோசித்ததில்லை.

அவளுக்கு மாங்குளத்தில் ஒரு வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை லொறி ஓட்டுபவர். நெல் ஏற்றிக்கொண்டு ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி வவுனியாவுக்குப் போய்வருவார். நல்ல மனிதர், சிரித்த முகம். அவருடைய அம்மாவை நாங்கள் மாமி என்போம். பெண் பார்க்க வந்த அன்று மாமி நகையைப் பற்றிக் கேட்கவில்லை, காணியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏங்க, பொண்ணுக்கு இருதயத்துல ஒண்ணும் இல்லியே?"

அவருடைய மூத்த மருமகள் பிள்ளைப்பேற்றில் மூச்சு முட்டி இறந்தவர். இருதயத்தில் பழுது இருந்ததை அந்தப் பெண்ணின் வீட்டார் மறைத்துவிட்டார்கள் என்று மாமி சொன்னார். வேறு எந்த நோயென்றாலும் பரவாயில்லை, என் மகனுக்கே அகதி முகாமில் காசம் வந்து, மருந்து குடித்து மாறியதுதான் என்றும் சொன்னார். அம்மா உடனே, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சின்னவ ஆஸ்பத்திரிலதான வேலை பாக்குறா, அவளுக்குத் தெரியாமலா?" என்று என்னைக் காட்டினார். நானும் தலையாட்டினேன்.

கலியாணத்துக்கு நாள் குறித்த பிறகு அக்காவுக்கு மூச்சிளைப்புத் தொடங்கியது. நான் தங்கியிருந்த அறையிலிருந்து கிழமை முடிவில் வீட்டுக்குப் போனபோது, கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தவள் இடையில் இரண்டு தரம் நின்றாள். அடுத்த நாளே கூட்டிக்கொண்டு வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் அடியில் வெள்ளையாக நீர். விடுதிக்குப் பொறுப்பான டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடச் சில வயதுதான் கூட. அக்காவை முன்பக்கம் குனியவைத்து, முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தா. கையோடு இரத்தமும் எடுத்து, இரண்டு குப்பியையும் தானே கொண்டுவந்து என் மேசையில் வைத்தா.

"உம்மட சட்டம். சரிதானே?" என்று சிரித்தா.

எடுப்பதற்கு முன் அவா அக்காவிடம் கேட்டதும் எனக்குக் கேட்டது. நான் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

"வேற எங்கயும் மருந்து எடுத்தனீங்களோ?"

"இல்லை டொக்டர்."

"ஒரு குளிசையும் இல்லை?"

"பனடோல் மட்டும்."

அன்று நான் செய்த வேலையை இப்போதும் குறை சொல்லமாட்டேன். நீரைச் சுழற்றித் தெளியவைத்தேன். இரத்தத்தின் சீரத்தைப் பிரித்தேன். புரதச் சோதனையில் இரண்டு குழாயும் ஊதாவாக மாறின. சீரத்தில் 7.2, நீரில் 3.9. வகுத்தால் பாதிக்கு மேல். எல்டிஎச் பார்க்கும் மருந்து எங்களிடம் தீர்ந்துபோயிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் அம்புலன்சில் ஒரு பங்கை அனுப்பினேன். சாரதி ஐஸ் பெட்டியைத் திறந்துகொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். "எல்லாத்தையும் ஐஸில வை எண்டுறீங்கள், இதை மட்டும் வெய்யிலுக்க கொண்டுபோகச் சொல்லுறீங்கள்" என்றார். "வெய்யிலுக்க இல்லை, ஐஸில்லாமல். குளிரில இந்தச் சாமான் செத்துப்போகும்" என்று சொல்லிக் கையிலேயே கொடுத்துவிட்டேன். முடிவு வந்தது: பத்தில் ஆறு பங்குக்குச் சற்றுக் கீழே, உச்ச அளவின் கணக்கிலும் கோட்டுக்குக் கீழே. எல்டிஎச் கணக்கு இரண்டும் இல்லை என்கின்றன, புரதம் ஓம் என்கிறது. ஒன்று பிடித்தால் போதும் என்பதுதானே விதி. நீரில் லிம்போசைற் கலங்களே கூடுதல். எக்சுடேற் என்று எழுதினேன். எங்கள் ஊரில், இளம் பெண்ணுக்கு லிம்போசைற் நிறைந்த எக்சுடேற் என்றால் அடுத்த சொல் காசம்தான்.

டொக்டர் கொஞ்சம் யோசித்தா. "காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிசா இல்லை" என்றா. பிறகு, "உம்மட ரிசல்ற்றை நான் சந்தேகப்படேல்லை" என்று காச மருந்தைத் தொடங்கினா.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அழுவார் என்று எதிர்பார்த்து, காசம் இப்போது முற்றாக மாறும் என்று தயார் செய்துகொண்டு போனேன். அம்மா கண்ணை மூடி, இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"காசந்தானே? வேற ஒண்ணுமில்லியே?"

"வேற என்ன வேணும் அம்மா?"

"இல்ல, கேட்டேன்."

அக்கா கட்டிலில் படுத்திருந்து என்னைப் பார்த்தாள். "நீ தானே பாத்தனீ?" என்றாள். ஓம் என்றேன். "அப்ப சரி" என்று என் கையைப் பிடித்தாள். காச மருந்தை நோயாளி விழுங்குவதை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். தாதியிடம் கேட்டு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் வெறும் வயிற்றில், சிவந்த குளிசைகளை ஒவ்வொன்றாக எடுத்து, என் முகத்தைப் பார்த்தபடியே விழுங்குவாள். வாயைத் திறந்து காட்டுவாள். "இந்தா, பொலிஸ்காரி, பார்" என்பாள். இருவரும் சிரிப்போம்.

மாமி வந்து பார்த்தார். அம்மா என் கையெழுத்திருந்த முடிவைக் காட்டிக் காசம் என்றதும், தன் மகனின் கதையை முழு விடுதிக்கும் சொல்லிவிட்டுப் போனார். கலியாணம் குறித்த நாளிலேயே நடக்கட்டும், மருந்தை மாங்குளத்தில் குடிக்கலாம் என்றார். போகிற வழியில் ஆய்வுகூடக் கதவில் நின்று, "நீ பாத்து சொன்னதாலதான் எனக்கு நிம்மதி" என்றார்.

அடுத்த கிழமை ஒரு காலை டொக்டர் என்னைக் கூப்பிட்டா. அவா அக்காவை விடுதி நடையில் விரைவாக நடக்கவிட்டு, உடனே இடப்பக்கம் சரித்துக் கிடத்தி, இடது மார்பின் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டிருக்கிறா. முகம் மாறியிருந்தது.

"அந்த நீரும் சீரமும் இன்னும் வச்சிருக்கிறீரா?"

"ஃபிரிட்ஜில இருக்கு."

"ரெண்டிலயும் அல்புமின் பாரும். கழிச்சுச் சொல்லும். வகுக்க வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். "வடிஞ்ச நீராயிருந்தாலும், மூத்திரம் போகப் பண்ணுற குளிசை குடிச்சா தண்ணி மட்டும் போயிடும், புரதம் நிண்டிடும். செறிவு கூடி உம்மட கோட்டைத் தாண்டிப்போடும். சீரத்துக்கும் நீருக்கும் அல்புமின் வித்தியாசம் ஒண்டு தசம் ரெண்டுக்கு மேல நிண்டா, அது உண்மையில ட்ரான்சுடேற்."

"ஆனா அக்கா குளிசை ஒண்டும் குடிக்கேல்லையே."

"அப்பிடித்தான் சொன்னவா" என்றா டொக்டர். அவ்வளவுதான் சொன்னா.

அல்புமின் சோதனையில் சாயம் பச்சையாகும். சீரக் குழாய் கடும் பச்சை, நீர்க் குழாய் வெளிர். சீரத்தில் 3.9, நீரில் 2.4. வித்தியாசம் ஒன்றரை. புதிதாகக் கலந்து மறுபடி பார்த்தேன், அதே ஒன்றரை. புரதங்களையும் கழித்துப் பார்த்தேன். மூன்றுக்கு மேலே நின்றது, அதுவும் ட்ரான்சுடேற் பக்கம்தான் பேசியது. குழாய்களைத் தாங்கியில் வைத்துவிட்டு நேரே விடுதிக்குப் போனேன்.

அக்காவின் கட்டிலருகே மாப்பிள்ளை அத்தான் நின்றிருந்தார். வவுனியாவிலிருந்து அப்போதுதான் வந்திருக்கவேண்டும், சேட்டில் நெல் தூசி. அவர் கையிலிருந்து அக்காவின் கைக்கு ஒரு சின்னப் பொட்டலம் போனது. என்னைக் கண்டதும் அக்கா அதைத் தலையணைக்குக் கீழே தள்ளினாள். நான் எடுத்துப் பார்த்தேன். சின்ன வெள்ளைக் குளிசைகள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவருக்கு அவற்றை அடையாளம் தெரியும்: டொக்டர் சொன்ன நீர்க் குளிசை.

"எவ்வளவு நாளாக் குடிக்கிறாய்?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார்.

"கோபப்படாதையுங்கோ. ஆஸ்பத்திரிக்கு வர முன்னமே தொடங்கினது. மாங்குளத்துக்கு நடமாடும் கிளினிக் வந்தது, கூட்டிக்கொண்டு போனன். அங்க ஒரு டொக்டர் நெஞ்சில வச்சுப் பாத்திட்டு சின்ன வயசில முழங்கால் வீங்க வந்த காய்ச்சலால இருதயத்தில வால்வு சுருங்கியிருக்கு, கொழும்பில காட்டவேணும் எண்டவர். அதுவரைக்கும் இதைக் குடிக்கச் சொன்னவர். முடிய முடிய நான் வவுனியாவில வாங்கிக்கொண்டு வாறன்."

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"அம்மாவுக்கு?"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பினாள். அதுவே பதிலாக இருந்தது.

"அப்ப அந்த சிவப்புக் குளிசையள்?" என்று கேட்டேன். "காசமில்லை எண்டு தெரிஞ்சுகொண்டே ஒவ்வொரு நாளும் எனக்கு வாயைத் திறந்து காட்டினனீ?"

"நீ தானே காசமெண்டு சொன்னனீ. நான் சொல்லேல்லையே." அக்காவின் குரல் அமைதியாக இருந்தது. "எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. சின்னவ பாத்துச் சொன்னா அது சரியாத்தான் இருக்கும், அந்த டொக்டர்தான் பிழை எண்டு. பிறகு யோசிச்சன், இது கடவுள் தந்த வழி. கலியாணம் முடியட்டும். பிறகு கொழும்புக்குப் போவம். மாமிக்குப் பிறகு தெரிஞ்சா என்ன?"

"வால்வு சுருங்கியிருக்க வயித்தில பிள்ளை தங்கினா என்ன நடக்கும் தெரியுமோ? மாமியின்ர மருமகளுக்கு நடந்ததுதான்."

"அதுக்குத்தான் உன்னட்டச் சொல்லேல்லை" என்றாள் அக்கா. "சொன்னா இப்பிடித்தான் சொல்லுவாய்."

அம்மா பின்னேரம் சோற்றுப் பார்சலோடு வந்தார். நான் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"சொன்னா நீ விட்ருவியா? கலியாணத்த நிறுத்திப்புடுவ. படிச்ச புத்தி அது. அவளுக்கு வந்த ஒரே நல்லதுடி இது."

"பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே தெரியுமோ?"

"அன்னிக்குத் தெரியாது. சத்தியமா. அதுக்குப் பொறவுதான்."

"பிறகு என்ர பேரைச் சொல்லி மாமிக்கு உறுதி குடுத்தனீங்கள். என்ர கையெழுத்தைக் காட்டினனீங்கள்."

"ஒம் பேரத்தான் சொல்ல முடியும். எங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்றார் அம்மா. அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

முதல் முடிவுக்குப் பதிலாகத் திருத்திய முடிவை எழுதி டொக்டரிடம் கொடுத்தேன். காச மருந்து நிறுத்தப்பட்டது. நீர்க் குளிசையை இம்முறை விடுதி அட்டையில் எழுதியே கொடுத்தா. கொழும்பில் தொடை நாளத்தின் வழியாக ஒரு குழாயை விட்டு, வால்வுக்குள் பலூனை ஊதி அகட்டலாம், நெஞ்சைப் பிளக்கத் தேவையில்லை என்றும், பிந்தவேண்டாம் என்றும் அக்காவிடமே சொன்னா.

மாமியிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் சிவப்புக் குளிசை நின்றது மாமிக்குத் தெரிந்துவிட்டது; தன் மகன் மாதக்கணக்காக விழுங்கியது அவருக்கு மறக்குமா? அவர் விடுதிக்குப் போகாமல் நேரே என் கதவுக்கு வந்தார்.

"ஏம்மா, காச மருந்த எதுக்கு நிப்பாட்டிட்டாங்க?"

"மாமி, நோயாளியின்ர கதையை நான் வெளியில சொல்லேலாது. அக்காவிட்டயே கேளுங்கோ."

"காசம்னு சொன்ன அன்னிக்கு மட்டும் சொல்ல முடிஞ்சுது?"

அன்று மாமி கதவில் நின்று நிம்மதி என்றபோது நான் மறுப்புச் சொல்லாமல் சிரித்தேன். இப்போது சட்டம் பேசுகிறேன். மாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு பொய் போதும், அக்காவின் கலியாணம் நடக்கும். நான் பேசாமல் நின்றேன். மாமிக்கு அது போதுமாக இருந்தது.

"இருதயந்தான்" என்றார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அன்றே கலியாணப் பேச்சை நிறுத்திவிட்டதாக ஆள் அனுப்பினார்.

அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். ஒரு சொல்கூட நான் சொல்லவில்லை என்று அம்மாவிடம் எவ்வளவோ சொன்னேன். "சொல்லாமலே சொல்லிப்புட்ட" என்றார் அம்மா.

கொழும்புக்குப் போக அனுமதியும் தேதியும் எடுத்துத் தரக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் என்னிடம் வரவில்லை. தாயின் சொல்லை மீறி, டொக்டரின் கடிதத்தோடு அத்தானே எல்லாம் செய்தார். அம்மாவும் அக்காவும் அவரும் பஸ் ஏறிப் போனபிறகுதான், காளி கோயில் கதை சொன்ன அந்த அண்ணை வந்து எனக்குச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்" என்றார். நான் தெரியும் என்று சொன்னேன்.

வால்வை அகட்டிவிட்டு வந்து, கிளினிக் நாளில் அக்கா எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரேயோடு வந்தாள். படியில் நிற்காமல் ஏறிவந்தாள். ஆய்வுகூடக் கதவில் நின்று, பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "இவ என்ர தங்கச்சி" என்றாள். அவள் கழுத்தில் தாலி இருந்தது.

"எப்ப?" என்று கேட்டேன்.

"வரேக்க. வவுனியாக் கோயிலில."

"மாமி?"

"வரேல்லை. இன்னும் கதைக்கேல்லை. அவர் போய்ப் போய்க் கதைக்கிறார்."

"அம்மா?"

"அம்மா நிண்டவா. அப்பாவை அங்க வரச் சொன்னது."

எங்கள் வீட்டார் எல்லோரும் நின்றிருக்கிறார்கள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உன்னட்டச் சொல்லியிருந்தா…" என்று தொடங்கி விட்டுவிட்டாள். பிறகு படத்தை என்னிடம் நீட்டினாள். "டொக்டர் பாக்க முன்னம் நீ பார்."

நான் யன்னலோரம் போய் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். வலப்பக்கத்து அடி தெளிந்து, மூலை கூர்மையாகக் கறுத்திருந்தது. நீர் இல்லை. நல்லாயிருக்கு என்று சொன்னேன். அவள் கை நீட்டும்வரை படத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அங்கேயே நின்றேன்.